அப்பாவின் கணக்கில் வர வேண்டியதும் போக வேண்டியதும்

கேள்வி: அஞ்சல் துறை ஓய்வூதியரான அப்பா ஜூன் 12-ல் காலமானார். கணக்கு அவர் பெயரில் மட்டும்; அம்மா நாமினி. என்ன பணம் வர இருக்கிறது, எது தானாகப் போகிறது என்று தெரியவில்லை. ஏ.டி.எம். பின் எனக்குத் தெரியும், பயன்படுத்தலாமா? வங்கியில் என்ன கேட்பார்கள்?

பதில்: வேண்டாம். கணக்குதாரர் இறந்த பிறகு அவருடைய அட்டையால் பணம் எடுக்க யாருக்கும் உரிமையில்லை. உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓய்வூதியம் இறந்த நாள் வரைக்கும்தான். மாதம் 30,000 ரூபாய் என்றால் ஜூனுக்கு 12 நாள் கணக்கில் 12,000தான் சேரும். மாதக் கடைசியில் முழுத் தொகையும் வரவாகியிருந்தால் மீதி 18,000-ஐ வங்கி திரும்ப எடுத்துக்கொள்ளும். அதைச் செலவழித்திருந்தால் குடும்பம்தான் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். குடும்ப ஓய்வூதியம் அம்மாவுக்குத் தனியாக வரும். அதற்கு விண்ணப்பம் வேறு.

பாஸ்புக்கை 14 மாதம் பின்னோக்கிப் படியுங்கள். மூன்று மாதம் போதாது. டிவிடெண்டும் காப்பீட்டுப் பிரீமியமும் பெரும்பாலும் வருடத்துக்கு ஒருமுறைதான் தலைகாட்டும். பல வங்கிகளில் ACH C என்றால் வரவு, ACH D என்றால் ஆட்டோ டெபிட். மே, ஜூன் வாக்கில் 20 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் விபத்துக் காப்பீடாக இருக்கலாம். மரணம் விபத்தால் என்றால் 2 லட்சம் கோரலாம். அப்பாவின் சிம்மை இப்போதைக்கு ரத்து செய்யாதீர்கள். யு.பி.ஐ. ஆட்டோபே பற்றிய செய்திகள் அதில்தான் வரும்.

தானாகப் போகும் பணத்தில் நான் முதலில் தேடச் சொல்வது அம்மாவையும் சேர்த்து எடுத்த மருத்துவக் காப்பீட்டின் பிரீமியம். மரணத்தைத் தெரிவித்ததும் வங்கி கணக்கை முடக்கிவிடும், டெபிட் திரும்பிவிடும். ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு என்றாலும், கட்டாத அந்த நாட்களில் அம்மா மருத்துவமனையில் சேர நேர்ந்தால் காப்பீடு கிடைக்காது. ஆகவே காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவித்து, பாலிசியை அம்மா பெயருக்கு மாற்றச் சொல்லி, தவணையை அவர் கணக்கிலிருந்து கட்டிவிடுங்கள். அதற்காக வங்கிக்குச் சொல்வதைத் தள்ளிப்போட வேண்டாம்.

நாமினி என்பதால் வங்கி அம்மாவிடம் கணக்கை இயக்கும் உரிமையைத் தராது. இருப்பைக் கொடுத்துக் கணக்கை முடிக்கும். அவர் மற்ற வாரிசுகளின் சார்பில்தான் அதைப் பெறுகிறார். தேவை மூன்று: உரிமைக் கோரல் படிவம், இறப்புச் சான்றிதழ், அம்மாவின் அடையாள, முகவரிச் சான்று. தொகை எவ்வளவானாலும் நாமினியிடம் வாரிசுரிமைச் சான்றிதழோ ஜாமீன்தாரரோ கேட்கக் கூடாது. ரிசர்வ் வங்கியின் 2025 விதிகளின்படி, எல்லா ஆவணமும் கொடுத்த 15 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தாமதித்தால் வட்டியோடு தர வேண்டும்.

படிவத்தோடு இன்னொரு கடிதமும் கொடுங்கள். இனிமேல் அப்பா பெயருக்கு வரும் பணத்தை, 'கணக்குதாரர் இறந்துவிட்டார்' என்ற குறிப்புடன் அனுப்பியவருக்கே திருப்பி, அம்மாவுக்குத் தகவல் தரச் சொல்லுங்கள். எந்த நிறுவனம் அனுப்பியது என்று அப்போதுதான் தெரியும். அங்கே நேரடியாகக் கோரலாம்.