சார்ஜ் ஏற எவ்வளவு நேரம்? வகுத்தல் கணக்கும் கடைசிக் கட்டமும்

கேள்வி: என் மின்சார ஸ்கூட்டரின் பேட்டரி 60 ஆம்பியர்-மணி. சார்ஜரில் 58.8 வோல்ட், 15 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. 20 சதவீதம் இருக்கும்போது மாட்டினால் மீதி 48 ஆம்பியர்-மணி. 15 ஆல் வகுத்தால் 3 மணி 12 நிமிடம். ஆனால் தினமும் 4 மணி நேரம் பிடிக்கிறது. சார்ஜரில் கோளாறா?

கோளாறு இல்லை. நீங்கள் வாட்டைப் பெருக்காமல் ஆம்பியரை வைத்து வகுத்ததும் சரிதான். 58.8 வோல்ட் என்பது பேட்டரி நிறையும்போது தொடும் உச்சம். பாதி சார்ஜில் அது 50 வோல்ட்டைச் சுற்றித்தான் இருக்கும். அதனால் 58.8ஐயும் 15ஐயும் பெருக்கி 882 வாட் என்று வைத்துக்கொண்டால் நேரம் குறைவாகக் காட்டும்.

விடுபட்டது கடைசிக் கட்டம் மட்டும். சார்ஜர் முதலில் 15 ஆம்பியரைக் குறையாமல் கொடுக்கிறது. பேட்டரியின் முனையில் மின்னழுத்தம் 58.8ஐத் தொட்டதும், அதைத் தாண்டவிடாமல் பிடித்துக்கொண்டு, மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறது. முனையில் 58.8 வந்துவிட்டால் பேட்டரி நிறைந்துவிட்டது என்று பொருள் இல்லை. பேட்டரிக்குள் இருக்கும் தடை சுமார் 0.09 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 ஆம்பியர் அதன் வழியே போகும்போது 1.35 வோல்ட் அந்தத் தடையிலேயே நின்றுவிடும். செல்களுக்கு உள்ளே உண்மையில் இருப்பது 57.45 வோல்ட். 14 செல் அடுக்கில் அது செல்லுக்கு 4.1 வோல்ட், அதாவது ஏறக்குறைய 90 சதவீதம்.

எனவே கணக்கை இரண்டாகப் பிரியுங்கள். 20லிருந்து 90 வரை 42 ஆம்பியர்-மணி. 15 ஆல் வகுத்தால் 2 மணி 48 நிமிடம். மீதி 6 ஆம்பியர்-மணிக்கு வகுத்தல் கணக்கு 24 நிமிடம் என்று சொல்லும். அதை மூன்றால் பெருக்குங்கள்: 72 நிமிடம். கூட்டினால் சரியாக 4 மணி நேரம்.

ஏன் மூன்று? இந்தக் கட்டத்தில் மின்னோட்டம் ஒரே விகிதத்தில் தேய்ந்து வருகிறது. தொடக்க அளவில் இருபதில் ஒரு பங்காகக் குறைந்ததும் சார்ஜர் நிறுத்திவிடும் என்று கொண்டால், சராசரி மின்னோட்டம் தொடக்கத்தின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக வரும். பத்தில் ஒரு பங்கிலேயே நிறுத்தும் சார்ஜருக்கு இரண்டரையால் பெருக்கினால் போதும்.

உங்கள் வண்டியில் இந்த இறக்கம் எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சுவர் பிளக்குக்கும் சார்ஜருக்கும் இடையில் மாட்டும் வாட் மீட்டர் ஒன்று போதும். எண் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் நின்று, பிறகு இறங்க ஆரம்பிக்கும். அப்போது வண்டித் திரையில் எத்தனை சதவீதம் என்று குறித்துக்கொள்ளுங்கள். மேலே 90 போட்ட இடத்தில் அந்த எண்ணைப் போட்டால் கணக்கு உங்கள் வண்டிக்கே உரியதாகிவிடும்.

கேள்வி: 30 ஆம்பியர் சார்ஜர் வாங்கினால் நேரம் பாதியாகுமா?

ஆகாது. அதே பேட்டரியையே எடுத்துக்கொள்வோம். மின்னோட்டம் இரட்டிப்பானதும் உள்தடையில் நிற்கும் மின்னழுத்தமும் இரட்டிப்பாகி 2.7 வோல்ட் ஆகிறது. அதனால் 80 சதவீதத்திலேயே 58.8ஐத் தொட்டு இறக்கம் தொடங்கிவிடும். 20லிருந்து 80 வரை 36 ஆம்பியர்-மணி, 30 ஆம்பியரில் 1 மணி 12 நிமிடம். மீதி 12 ஆம்பியர்-மணிக்கு 24 நிமிடத்தின் மும்மடங்கு, மறுபடியும் 72 நிமிடம். மொத்தம் 2 மணி 24 நிமிடம்.

கடைசிக் கட்டம் இரண்டு சார்ஜரிலும் 72 நிமிடமாகவே நிற்பதைக் கவனியுங்கள். அந்த நேரத்தைத் தீர்மானிப்பது பேட்டரிதான், சார்ஜர் அல்ல. பெரிய சார்ஜரின் லாபத்தில் பெரும்பகுதி 80க்குக் கீழேதான் கிடைக்கும். அதுவும் வண்டித் தயாரிப்பாளர் 30 ஆம்பியரை அனுமதித்திருந்தால் மட்டுமே. அனுமதிக்காத வேகத்தில் ஏற்றினால் லித்தியம், எதிர்முனையின் கிராஃபைட்டுக்குள் நுழைய நேரமில்லாமல் அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியும். அந்தப் படிவு பேட்டரியின் கொள்ளளவைத் தின்னும். உள்ளேயே ஷார்ட் ஆகவும் வழி செய்யும். தயவுசெய்து இதில் பரிசோதனை வேண்டாம்.

கேள்வி: நாலு வருஷமான ஸ்கூட்டர். ஓடும் தூரம் நன்றாகக் குறைந்துவிட்டது, ஆனால் சார்ஜ் ஏறும் நேரம் மட்டும் குறையவில்லையே?

60 ஆம்பியர்-மணி பேட்டரி 48 ஆகத் தேய்ந்து, உள்தடை இரண்டு மடங்காகிவிட்டது என்று வைப்போம். 15 ஆம்பியரிலேயே 80 சதவீதத்தில் இறக்கம் தொடங்கிவிடும். 20லிருந்து 80 வரை 1 மணி 55 நிமிடம். மீதிக்கு 38 நிமிடத்தின் மும்மடங்கு. மொத்தம் ஏறக்குறைய 3 மணி 50 நிமிடம். கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது, நேரமோ பத்து நிமிடம்தான் குறைந்திருக்கிறது. வாட் மீட்டரில் இறக்கம் முன்பைவிடச் சீக்கிரம் தொடங்குகிறதா என்று பார்த்தாலே பேட்டரியின் வயது தெரிந்துவிடும்.

கேள்வி: 5000 மில்லி ஆம்பியர்-மணி போன், 18 வாட் சார்ஜர். 9 வோல்ட், 2 ஆம்பியர். 5ஐ 2 ஆல் வகுத்தால் இரண்டரை மணி நேரம், ஆனால் அதற்கு முன்பே நிறைந்துவிடுகிறது. எப்படி?

இங்கே ஆம்பியரை வகுக்கக் கூடாது. 2 ஆம்பியர் வருவது 9 வோல்ட்டில். 5000 என்ற எண்ணோ சுமார் 3.87 வோல்ட் செல்லுக்கு உரியது. இரண்டையும் ஆற்றலாக மாற்றுங்கள். பேட்டரி 19.35 வாட்-மணி. 18 வாட்டில் மாற்றும்போது சூடாகப் போவது போக 15 வாட் உள்ளே சேரும். 80 சதவீதம் வரை 15.5 வாட்-மணி, ஏறக்குறைய 1 மணி நேரம். மீதி 3.9 வாட்-மணிக்குக் கால் மணி நேரம். அதன் மும்மடங்கு 45 நிமிடம். ஆக ஒன்றே முக்கால் மணி நேரம்.

65 வாட், 120 வாட் போன்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அந்த வேகம் தொடக்கத்தில் சில நிமிடங்கள்தான். பிறகு சூட்டைப் பார்த்துப் படிப்படியாக போனே குறைத்துக்கொள்ளும்.

கேள்வி: வீட்டு இன்வெர்ட்டரில் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி. மூன்று மணி நேர மின்தடையில் பாதி தீர்ந்துவிட்டது. மறுபடி நிறைய எவ்வளவு நேரம்?

சார்ஜிங் கரண்ட் 15 ஆம்பியர் என்றால், 50லிருந்து 80 சதவீதம் வரை 45 ஆம்பியர்-மணி, 3 மணி நேரம். மீதி 30 ஆம்பியர்-மணிக்கு 2 மணி நேரத்தின் மும்மடங்கு 6. காரீய-அமில பேட்டரியில் கடைசிக் கட்டத்தில் மின்னோட்டத்தின் ஒரு பகுதி தண்ணீரைப் பிரித்து வாயுவாக்குவதிலேயே வீணாகும். அதற்கும் சேர்த்து 10 மணி நேரம் வையுங்கள்.

தினமும் இரண்டு வேளை மின்தடை உள்ள வீட்டில் இந்த 10 மணி நேரம் கிடைப்பதே இல்லை. பேட்டரி 80க்கும் 90க்கும் நடுவிலேயே நாள்கணக்கில் கிடக்கும். தகடுகளில் காரீய சல்பேட் கெட்டிப்பட்டுப் பிறகு கரையாது. அப்படிப்பட்ட வீட்டில் வாரத்தில் ஓரிரவாவது தடையில்லாமல் முழுதாக ஏறவிட வேண்டும்.

முழுதாக ஏறிவிட்டதா என்பதை இன்வெர்ட்டரின் பச்சை விளக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை ஆறு அறைகளிலும் விட்டுப் பாருங்கள். ஒரு மணி நேர இடைவெளியில் மூன்று முறை பார்த்தும் அளவு மாறாமல் நின்றால் நிறைந்துவிட்டது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிய உடனே அளக்க வேண்டாம். தண்ணீர் மேலேயே நிற்பதால் அளவு குறைவாகக் காட்டும். சார்ஜ் ஏறிக் கலந்த பிறகு அளந்தால்தான் சரியாக வரும்.