கோப்பையின் பின்பக்கம்

கேள்வி: பொருள்கள் நமக்குத் தோன்றும் விதத்தை ஆராயும் தத்துவமான நிகழ்வியலில் 'நோக்குடைமை', 'அடைப்புக்குள் இடுதல்' என்றால் என்ன?

பார்வை, நினைப்பு, பயம் எதுவானாலும் ஏதோ ஒன்றைப் பற்றியதாகவே இருக்கும். அந்தப் 'பற்றியதாக இருத்தல்'தான் நோக்குடைமை. மேசைமேல் இருக்கும் காப்பிக் கோப்பையைப் பாருங்கள். கண்ணில் படுவது முன்பக்கம் மட்டுமே. ஆனாலும் பாதிக் கோப்பையைப் பார்த்ததாக யாரும் சொல்வதில்லை. பின்பக்கத்தை எதிர்பார்த்தபடியேதான் பார்க்கிறோம். திருப்பியதும் அங்கே ஓட்டை இருந்தால் திடுக்கிடுகிறோமே, அதிலேயே இது தெரிந்துவிடும்.

சரி, அடைப்பு எதற்கு? பொருள் இருக்கிறது என்ற நம்பிக்கையில் மூழ்கியிருப்பதால், அது நமக்குத் தோன்றும் விதத்தைக் கவனிக்கத் தவறுகிறோம். அதனால் 'கோப்பை உண்மையில் இருக்கிறதா' என்ற தீர்ப்பை ஒதுக்கிவைக்கச் சொன்னார் நிகழ்வியலைத் தொடங்கிய தத்துவவாதி ஹுஸ்ஸெர்ல். அதுதான் அடைப்புக்குள் இடுதல். வாக்குமூலம் எழுதும் குமாஸ்தா மெய்யா பொய்யா என்று பார்க்காமல் சொன்னபடி எழுதுவாரே, அதுபோல.

பலர் இதைக் கோப்பையே இல்லை என்ற சந்தேகமாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் கோப்பை இருக்கிறது என்ற நம்பிக்கை அப்படியே இருக்கிறது, அதைப் பயன்படுத்தாமல் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.