இடியப்பத் தட்டு அடுக்கினது போல

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது, வயல் செய்பவர். மூன்று மாதமாக முதுகு நோ. பிளட் பிக்சரில் 'ரூலோ' என்று எழுதியிருக்கிறது. ஈ.எஸ்.ஆர். 118, சி.ஆர்.பி. 4, ஹீமோகுளோபின் 8.6, மொத்தப் புரதம் 10.2, அல்புமின் 3.0. இரத்தம் கட்டிப்போய்விட்டதா டொக்டர்?
- மகள், புதுக்குடியிருப்பு

பதில்: இல்லைப் பிள்ளை, இது இரத்தக்கட்டி அல்ல. சிவப்புக் கலங்கள் இடியப்பத் தட்டுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்பதைத்தான் ரூலோ என்கிறோம். வழக்கமாக அவற்றின் மேலுள்ள மறை மின்னேற்றம் ஒன்றையொன்று தள்ளி வைத்திருக்கும். பிளாஸ்மாவில் பெரிய புரதங்கள் கூடினால் அந்தத் தள்ளுதல் எடுபடாது. கலங்கல் தண்ணீர்ப் பானையில் தேத்தாங்கொட்டை உரைத்தால் மண் திரண்டு கெதியாக அடியில் படியுமே, கிட்டத்தட்ட அதே சங்கதிதான். அடுக்கான கலங்களும் கெதியாக இறங்கும். நிறுத்திவைத்த குழாயில் ஒரு மணித்தியாலத்தில் எத்தனை மில்லிமீற்றர் இறங்கியது என்பதே ஈ.எஸ்.ஆர். ஆண்களுக்கு வயதில் பாதி வரை பெரும்பாலும் ஏற்கலாம், அப்பாவுக்கு 32. இரத்தசோகையும் அதைக் கொஞ்சம் கூட்டும், ஆனால் 118 என்பதற்கு அது மட்டும் போதாது.

சரி, எந்தப் புரதம் கூடியது? தொற்றிலும் அழற்சியிலும் கூடுவது பைப்ரினோஜன். அப்போது சி.ஆர்.பி. என்ற அழற்சிப் புரதமும் சேர்ந்து ஏறும். அப்பாவுக்கு அது 4 மட்டுமே. இனி 10.2இல் 3.0ஐக் கழித்துப் பாருங்கள்: 7.2. இது குளோபுலின், சாதாரணமாக 2 முதல் 3.5 வரைதான் இருக்கும். ஆகவே என் சந்தேகம் நோயெதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின் மேல்.

ஸ்லைட்டின் தடித்த பக்கத்தில் எவருடைய இரத்தமும் அடுக்காகத்தான் தெரியும். பயிற்சிக் காலத்தில் அதைப் பார்த்து நானே ஒருமுறை பதறியிருக்கிறேன். கலங்கள் மெல்லியதாகப் பரவிய இடத்தில் பார்த்தால்தான் கணக்கு. இங்கே புரத அளவும் ஒத்துப்போவதால் அந்தப் பிழைக்கு இடம் குறைவு.

அடுத்து வேண்டியது, இரத்தத்திலுள்ள புரதங்களைப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் சீரம் புரத எலெக்ட்ரோபோரெசிஸ். குளோபுலின் அகலமாகப் பரவியிருந்தால் நாட்பட்ட தொற்று, ஈரல் நோய் போன்றவற்றைத் தேட வேண்டும். ஒடுங்கிய ஒற்றைப் பட்டையாக நின்றால் ஒரே வகைக் கலம் பெருகி ஒரே புரதத்தைச் சுரக்கிறது என்று பொருள். முதுகு நோவும் இரத்தசோகையும் சேர்ந்திருப்பதால் மல்டிபிள் மயலோமா என்ற எலும்பு மச்சைப் புற்றுநோயை நான் முதலில் நினைக்கிறேன். ஆனால் ரூலோவை மட்டும் வைத்து அதை உறுதிசெய்ய முடியாது. மச்சைப் பரிசோதனை தேவைப்படும். சிறுநீரில் சாதாரண ஸ்ட்ரிப் சரியென்று காட்டினாலும் நம்பிவிடாதீர்கள், இந்த நோயின் சிறிய புரதத் துண்டுகள் அதில் பெரும்பாலும் அகப்படாது.

இந்தக் கிழமையே மெடிக்கல் கிளினிக்கில் ரிப்போர்ட்டுகளைக் காட்டி, கல்சியமும் கிரியற்றினினும் பார்க்கச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினால் போகப் பஞ்சிப்பட வேண்டாம். நோவுக்கு பார்மசியில் டைக்ளோபெனாக் வாங்கிக் கொடுப்பதென்றால் இன்றே நிறுத்துங்கள், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். கால் மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.