ராட்டினத்தில் உருட்டும் பந்து எவ்வளவு ஒதுங்கும், ஏன்?

கேள்வி: எங்க தண்டையார்பேட்டை பக்கத்துப் பூங்காவில் பசங்க ராட்டினத்தைச் சுத்தவிட்டு, கம்பத்துகிட்ட ஒருத்தன் உட்கார்ந்து விளிம்பில் இருக்கிறவனுக்கு டென்னிஸ் பந்தை உருட்டுறான். குறிபார்த்து விட்டாலும் பந்து ஒரு பக்கமா வளைஞ்சு போயிடுதுன்னு சொல்றாங்க. வெளியே நிக்கிற எனக்கு நேராத்தான் போற மாதிரி இருக்கு. பிளஸ் ஒன் படிக்கிற பையன் அது கொரியாலிஸ் விசைங்கிறான். யாரும் தள்ளாம விசை எங்கேருந்து வரும்? எவ்வளவு ஒதுங்கும்னு கணக்குப் போட முடியுமா?

பதில்: தள்ளுவதற்கு யாரும் இல்லை என்பது சரி. ராட்டினத்தின் மேல் இருப்பவர் அந்தப் பலகையையே அசையாத தரையாக வைத்துக் கணக்குப் போடும்போது மட்டும் இந்த விசையைச் சேர்க்க வேண்டும். பாடநூலில் இதைப் போலி விசை என்பார்கள். சுழலும் இயந்திரங்களை ஆராய்ந்து பிரெஞ்சுக்காரர் கொரியாலிஸ் 1835-இல் இதை எழுதினார்.

கம்பத்திலிருந்து விளிம்பில் இருக்கும் பையன்வரை பலகையில் ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். பந்து அந்தக் கோட்டைவிட்டு விலகாமல் போக என்ன வேண்டும்? கோடே திரும்பிக்கொண்டிருப்பதால் பந்து போகும் திசையும் கூடவே திரும்ப வேண்டும். இது ஒரு பங்கு. வெளியே போகப் போகப் பலகை இன்னும் வேகமாகப் பக்கவாட்டில் ஓடுவதால் பந்துக்கும் அந்தப் பக்கவாட்டு வேகம் கூடிக்கொண்டே வர வேண்டும். இது இன்னொரு பங்கு. இரண்டும் சம அளவு. இவற்றைப் பந்துக்குக் கொடுக்க ஆள் இல்லாததால் அது பின்தங்குகிறது. மேலே இருப்பவர் கண்ணுக்கு யாரோ எதிர்ப்பக்கம் இழுத்ததுபோல் தெரிகிறது. அந்த முடுக்கம் 2ωv. இதில் ω ராட்டினத்தின் கோணத் திசைவேகம், v பலகையின் மேல் பந்தின் வேகம். நிறைய பேர் இரண்டாவது பங்கை மட்டும் எண்ணிவிட்டு, விடை பாதியாக வருகிறதே என்று குழம்புவார்கள்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். சுற்றுக்கு 6 நொடி என்றால் ω சுமார் 1.05 ரேடியன்/நொடி. பந்து நொடிக்கு 3 மீட்டர், தூரம் 1.5 மீட்டர், ஆக நேரம் அரை நொடி. முடுக்கம் 2 × 1.05 × 3 = 6.3. அரை நொடியில் ஒதுங்குவது ½ × 6.3 × 0.25, அதாவது சுமார் 79 செ.மீ. இதைத் தரையில் நிற்கும் நீங்களும் சரிபார்க்கலாம்: அந்த அரை நொடியில் ராட்டினம் 30 டிகிரி திரும்பும், விளிம்பில் இருப்பவன் 79 செ.மீ. நகர்ந்திருப்பான். பந்து நேராகவே வந்தது, ஆள்தான் அங்கே இல்லை. மையவிலக்கு விசையும் உண்டு. ஆனால் அது பந்தை வெளிப்பக்கம் தள்ளுவதால் இந்தப் பக்கவாட்டுக் கணக்கில் பெரிதாகக் கை வைக்காது.

மேலிருந்து பார்க்கக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால், பந்து தான் போகும் திசைக்கு வலப்பக்கம் ஒதுங்கும். விளிம்பிலிருந்து உள்ளே உருட்டினாலும் வலப்பக்கம்தான். மெதுவாக விட்டால் குறைவாக ஒதுங்கும் என்று தோன்றும், நடப்பது நேர்மாறு. வேகம் பாதியானால் முடுக்கம் பாதியாகும், ஆனால் நேரம் இரண்டு மடங்கு. நேரம் வர்க்கமாக வருவதால் ஒதுக்கம் இரண்டு மடங்காகிவிடும்.

நிஜத்தில் அளந்தால் 79 வராது. அது உராய்வே இல்லாமல் வழுக்கிப் போகும் பொருளுக்கான கணக்கு. பிடிமானத்தோடு உருளும் பந்தைப் பலகை தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். டென்னிஸ் பந்து போன்ற உள்ளீடற்ற பந்துக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 63 செ.மீ. அளவில் நிற்கும். உள்ளே திடமான பந்து என்றால் ஏழில் ஒரு பங்குதான் குறையும், சுமார் 67.

பூங்கா ராட்டினங்களில் புள்ளி புள்ளியாய் மேடுள்ள இரும்புத் தகடுதான் பெரும்பாலும் இருக்கும். பந்து அதில் தத்திக்கொண்டு போகும். ஒரு பிளைவுட் துண்டை அசையாமல் கட்டிவிட்டுப் பந்தைத் தண்ணீரில் நனைத்து உருட்டுங்கள். ஈரத் தடம் பலகையிலேயே விழும். கம்பத்தருகே சாக்பீஸ் கோட்டின் திசையிலேயே கிளம்பி, முதலிலிருந்தே வளைந்து, விளிம்பை நெருங்க நெருங்கக் கோட்டைவிட்டு மேலும் மேலும் விலகும் அந்தத் தடம்தான் சுழலும் குறிப்பாயத்தில், அதாவது ராட்டினத்தின் மேல் இருப்பவர் பார்வையில், பந்தின் பாதை. ராட்டினத்தைத் தள்ளும் பையன் வேகத்தை ஒரே சீராக வைத்திருக்க வேண்டும்.

தடத்தின் வளைவு ராட்டினச் சாய்வால் வந்ததா என்ற சந்தேகம் வரலாம். அதே வேகத்தில் எதிர்த்திசையில் சுற்றவிட்டு, பூங்காவின் அதே பக்கத்தை நோக்கி மறுபடி உருட்டுங்கள். கொரியாலிஸ் என்றால் தடம் அதே அளவுக்கு மறுபக்கம் வளையும். திசை மாற்றியும் ஒரே பக்கம் மிஞ்சி நிற்கும் வித்தியாசம் சாய்வுடையது.

பூமியும் சுற்றுகிறதே, தெரு கிரிக்கெட்டில் ஏன் இது தெரியவில்லை என்று பையன் கேட்கலாம். பூமிக்கு ஒரு சுற்றுக்கு ஒரு நாள் ஆகிறது, சென்னையும் 13 டிகிரி அட்சரேகையில்தான் இருக்கிறது. நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் 20 மீட்டர் போகும் பந்து ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் ஒதுங்கும்.