நிறுவனர், புரமோட்டர், நிர்வாக இயக்குநர், தலைவர்: இன்ஃபோசிஸை வைத்து ஒரு விளக்கம்

கேள்வி: "கம்பெனி ப்ரொஃபைலில் ஃபவுண்டர் ஒருவர், புரமோட்டர் ஒருவர், எம்.டி. ஒருவர், சேர்மன் ஒருவர் என்று போடுகிறார்கள். நாலும் ஒன்றுதானா? இவர்களில் யார் நிஜமான முதலாளி?"

இந்த நான்கில் நிர்வாக இயக்குநர், தலைவர் ஆகிய இரண்டு மட்டுமே பதவிகள். அவற்றுக்கு நியமனம் உண்டு, விலகலும் உண்டு. நிறுவனர் என்பது ஒருவர் முன்பு செய்த செயலைக் குறிக்கும் பெயர். அவர் பங்குகளையெல்லாம் விற்றுவிட்டு வெளியேறினாலும் அந்தப் பெயர் அவரை விட்டுப் போகாது. புரமோட்டர் என்பது கம்பெனியின் பிடி யாரிடம் இருக்கிறது என்பதைக் காட்டும் சட்டத் தகுதி. நம் பேச்சு வழக்கில் முதலாளி என்று சொல்கிறோமே, அதற்கு மிக அருகில் வருவது இதுதான். தமிழ்ச் செய்திகளில் பல நேரம் ஃபவுண்டரையும் புரமோட்டரையும் 'நிறுவனர்' என்ற ஒரே சொல்லால் எழுதிவிடுவதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. ஆகையால் இந்தப் பதிலில் புரமோட்டர் என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

நான்கும் தனித்தனியாகப் பிரிந்து நிற்பதைப் பார்க்க இன்ஃபோசிஸை விட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1981-இல் புனேயில் அதைத் தொடங்கியவர்கள் ஏழு பேர்: நாராயண மூர்த்தி, நந்தன் நிலேகணி, கிரிஸ் கோபாலகிருஷ்ணன், எஸ்.டி. ஷிபுலால், கே. தினேஷ், என்.எஸ். ராகவன், அசோக் அரோரா. இவர்களில் அசோக் அரோரா 1989-லேயே விலகிவிட்டார். அவர் இன்றும் நிறுவனர்களில் ஒருவர்தான், ஆனால் புரமோட்டர் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. நாராயண மூர்த்தி நிறுவனர்; 2014-க்குப் பிறகு அவருக்கு அங்கே எந்தப் பதவியும் இல்லை; ஆனாலும் அவரும் அவர் குடும்பத்தாரும் புரமோட்டர்கள். நிலேகணி நிறுவனர், புரமோட்டர், அதோடு 2017 முதல் இயக்குநர் குழுவின் தலைவர். 2018 ஜனவரியில் நிர்வாக இயக்குநராகவும் தலைமைச் செயல் அதிகாரியாகவும் வந்த சலில் பரேக், நிறுவனரும் அல்லர், புரமோட்டரும் அல்லர். கம்பெனியை அன்றாடம் நடத்துவதற்காக இயக்குநர் குழு நியமித்தவர்.

புரமோட்டர் என்ற சொல்லைத்தான் சற்று நிறுத்திப் படிக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 2(69) பிரிவு மூன்று வழிகளைச் சொல்கிறது. பங்கு வெளியீட்டு ஆவணத்திலோ ஆண்டு அறிக்கைப் படிவத்திலோ புரமோட்டர் என்று பெயர் குறிக்கப்பட்டவர் ஒருவகை. பங்குதாரராகவோ இயக்குநராகவோ வேறு எந்த விதத்திலோ, நேரடியாகவோ மறைமுகமாகவோ, கம்பெனியின் நடவடிக்கைகளைக் கட்டுப்படுத்துபவர் இரண்டாவது வகை. யாருடைய ஆலோசனை, அறிவுறுத்தலின்படி இயக்குநர் குழு நடந்து பழகியிருக்கிறதோ அவர் மூன்றாவது வகை. தொழில்முறையில் மட்டும் யோசனை சொல்லும் தணிக்கையாளரோ வழக்கறிஞரோ இந்த மூன்றாவது வகையில் சேரமாட்டார். இந்த விளக்கத்தில் கம்பெனியைத் தொடங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை என்பதைக் கவனியுங்கள். நிறுவனர் என்ற சொல்லுக்கோ அந்தச் சட்டத்தில் விளக்கமே கிடையாது. அதனால் ஒரு ப்ரொஃபைலில் 'நிறுவனர்' என்று போட்டுக்கொள்ள யாரும் எதையும் தாக்கல் செய்ய வேண்டியதில்லை.

பதவி இல்லாத புரமோட்டருக்கு எவ்வளவு எடை இருக்க முடியும் என்பதை 2017-இல் எல்லோரும் பார்த்தோம். அப்போது இன்ஃபோசிஸின் நிர்வாக இயக்குநர் விஷால் சிக்கா, தலைவர் ஆர். சேஷசாயி. இருவருமே புரமோட்டர்கள் அல்லர். முன்னாள் நிதித் தலைவருக்கு விலகும்போது கொடுத்த தொகை, பனயா என்ற கம்பெனியை வாங்கிய விதம் ஆகியவை பற்றி நாராயண மூர்த்தி வெளிப்படையாகக் கேள்வி எழுப்பிவந்தார். அவரிடம் இருந்தது எந்த நாற்காலியும் அல்ல. புரமோட்டர்கள் அனைவரின் பங்குகளையும் சேர்த்தாலும் அன்று 13 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தது. ஆகஸ்ட் 18 அன்று சிக்கா விலகினார்; அதற்கு மூர்த்தியின் தொடர்ந்த விமர்சனமே முதன்மைக் காரணம் என்று இயக்குநர் குழு அறிக்கை விட்டது. ஒரு வாரத்துக்குள் சேஷசாயியும் விலகி, நிலேகணி தலைவரானார். யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். கம்பெனியின் இணையதளத்தில் 'எங்கள் தலைமை' என்ற பக்கத்தை மட்டும் அந்த ஆண்டு ஜூலையில் ஒருவர் படித்திருந்தால், நடக்கப்போவதில் மையமாக இருந்த மனிதரின் பெயரே அதில் பதவியோடு இருந்திருக்காது என்பதைத்தான் நான் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

அப்படியானால் புரமோட்டரை எங்கே பார்ப்பது? பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு காலாண்டு முடிந்து 21 நாள்களுக்குள் பங்குதாரர் விவரத்தைப் பங்குச் சந்தைக்குக் கொடுக்க வேண்டும். பி.எஸ்.இ., என்.எஸ்.இ. இணையதளங்களில் கம்பெனியின் பெயரைத் தட்டி, Shareholding Pattern என்பதைத் திறந்தால், Promoter & Promoter Group என்ற தலைப்பின் கீழ் ஒவ்வொருவர் பெயரும் பங்கு எண்ணிக்கையும் சதவீதமும் வரிசையாக இருக்கும். இன்ஃபோசிஸின் அட்டவணையில் மூர்த்தி, நிலேகணி, கோபாலகிருஷ்ணன், ஷிபுலால், தினேஷ் குடும்பங்களின் பெயர்கள் தனித்தனி வரிகளாக வருவதைக் காணலாம். சதவீதத்தைப் படித்தவுடன் மூடிவிடாமல், அதே வரியில் வலப்பக்கம் நகர்ந்து, அடகு வைக்கப்பட்ட பங்குகள் எத்தனை என்ற பத்தியையும் பாருங்கள். 60 சதவீதம் வைத்திருக்கும் புரமோட்டர் அதில் பெரும்பகுதியைக் கடனுக்காக அடகு வைத்திருந்தால், பங்கு விலை சரியும்போது கடன் கொடுத்தவர் அவற்றை விற்கலாம். அப்போது கம்பெனியின் பிடியே கைமாறக்கூடும்.

நிர்வாக இயக்குநர் விஷயம் இதைவிட எளிது. கம்பெனியின் நிர்வாகத்தில் கணிசமான அதிகாரம் ஒப்படைக்கப்பட்ட இயக்குநர்தான் அவர். காசோலையில் கையெழுத்திடுவது போன்ற வழக்கமான வேலைகளுக்கு ஒருவருக்கு அதிகாரம் கொடுத்திருப்பதால் மட்டும் அவர் நிர்வாக இயக்குநர் ஆகிவிடமாட்டார் என்றும் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஒரு தடவைக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நியமிக்க முடியாது. சலில் பரேக் 2022 ஜூலை முதல் 2027 மார்ச் வரை என்று மறுநியமனம் பெற்றதை இந்த வரம்போடு சேர்த்துப் படித்தால் அந்தத் தேதிகளின் பொருள் விளங்கும். நம் ஊர் அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் 'மேலாண்மை இயக்குநர்' என்று பெயர்ப்பலகை வைத்திருப்பதும் இதே பதவிதான்.

தலைவர் என்ற சொல்லுக்கு முன்னால் என்ன அடைமொழி இருக்கிறது என்பதைப் பாருங்கள். 'செயல் தலைவர்' என்றால் அவர் அன்றாட நிர்வாகத்திலும் இருக்கிறார். 2013 ஜூனில் மூர்த்தி திரும்பி வந்தது அப்படித்தான். 'செயல்சாராத் தலைவர்' என்றால் இயக்குநர் குழுக் கூட்டங்களுக்குத் தலைமை தாங்கி, நிர்வாக இயக்குநரைக் கேள்வி கேட்கும் இடத்தில் இருக்கிறார். நிலேகணி இந்த வகை. தலைவர் பணிக்கு அவர் ஊதியம் பெற்றுக்கொள்வதில்லை என்று ஆண்டறிக்கையே சொல்கிறது. தலைவர் புரமோட்டராகவோ அவருடைய உறவினராகவோ இருந்தால், பட்டியலிடப்பட்ட கம்பெனியின் இயக்குநர் குழுவில் பாதிப் பேராவது, கம்பெனியோடும் புரமோட்டரோடும் வேறு தொடர்பில்லாத சுயேச்சை இயக்குநர்களாக இருக்க வேண்டும் என்பது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதி. புரமோட்டரோடு தொடர்பில்லாத செயல்சாராத் தலைவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். 'தலைவர் மற்றும் நிர்வாக இயக்குநர்' என்று இரண்டும் ஒருவரிடமே இருப்பதும் நம் நாட்டில் சாதாரணம். கேள்வி கேட்க வேண்டியவரும் பதில் சொல்ல வேண்டியவரும் அங்கே ஒரே ஆள் என்பதால், அத்தகைய கம்பெனியில் சுயேச்சை இயக்குநர்கள் யார் யார் என்று பார்க்காமல் நான் மேலே படிப்பதில்லை.

இவ்வளவு அக்கறையாக எழுதுவதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. என் பெரியப்பா மகன் அட்டைப்பெட்டி தயாரிக்கிறார். ஒரு தனியார் கம்பெனியின் 'நிறுவனர் மற்றும் தலைவர்' என்று அச்சிட்ட அட்டையை நீட்டிய பெரியவர் ஒருவர், 45 நாளில் பணம் தருவதாகத் தன் கையெழுத்திலேயே கடிதம் கொடுத்தார். அண்ணன் மூன்று லோடு அனுப்பினார், பணம் வரவில்லை. பிறகு அண்ணன் என்னிடம் வந்து, "முதலாளியே நேரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரேப்பா" என்றார். கம்பெனிகளின் பதிவு விவரங்கள் இருக்கும் mca.gov.in என்ற அரசுத் தளத்தில் பார்த்தபோது, அந்தப் பெரியவர் இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. 100 ரூபாய் கட்டி, MGT-7 என்ற ஆண்டு அறிக்கைப் படிவத்தை எடுத்துப் பார்த்தால், அவர் பெயரில் பங்கும் இல்லை. நிர்வாக இயக்குநராக இருந்த அவர் மகனோ அந்தக் கடிதத்துக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று சொல்லிவிட்டார். சரக்கை வாங்கியதற்கான ரசீதுகள் இருந்ததால் பல மாத அலைச்சலுக்குப் பிறகு தொகை வந்தது. அட்டையில் இருந்த இரண்டு சொற்களில் ஒன்று பழைய உண்மை, மற்றொன்று காலாவதியான பதவி. தனியார் கம்பெனிகளுக்குக் காலாண்டு அட்டவணை கிடையாது என்பதால் அங்கே இந்த MGT-7-ஐத்தான் நாட வேண்டும்.

கடைசியாக இரண்டு விதிவிலக்குகள். புரமோட்டர் ஒரு மனிதராக இருக்க வேண்டியதில்லை, டி.சி.எஸ்.ஸின் புரமோட்டர் டாடா சன்ஸ் என்ற கம்பெனி, அதனிடம் 70 சதவீதத்துக்கு மேல் பங்கு இருக்கிறது. புரமோட்டரே இல்லாமலும் இருக்கலாம், ஐ.டி.சி., எல் அண்ட் டி ஆகியவை அப்படிப்பட்டவை. ஸொமேட்டோ 2021-இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது, நிறுவனரும் நிர்வாக இயக்குநருமான தீபிந்தர் கோயலே புரமோட்டராகக் காட்டப்படவில்லை. அட்டவணையில் புரமோட்டர் வரி பூஜ்ஜியமாக இருந்தால் அதற்குக் கீழே உள்ள பொதுப் பங்குதாரர் அட்டவணைக்குப் போங்கள். ஒரு சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர்களின் பெயர்கள் அங்கே தனித்தனியாக இருக்கும். அந்தக் கம்பெனியில் வாக்கு பலம் யாரிடம் இருக்கிறது என்பது அந்தப் பெயர்களில் தெரிந்துவிடும்.