மேடு ஏறினால் நிற்கும் ஸ்கூட்டர்: பழுது கன்ட்ரோலரிலா, பேட்டரியிலா?

"என் 48 வோல்ட் மின்சார ஸ்கூட்டரில் நான்கு லெட் ஆசிட் பேட்டரிகள் உள்ளன. மூன்று கட்டம் சார்ஜ் காட்டும்போதே, மேம்பாலம் ஏறினால் ஒரு கட்டமாக இறங்கி, எரர் கோட் வந்து வண்டி நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் கழித்து மறுபடியும் மூன்று கட்டம் காட்டுகிறது. மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?"

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பேட்டரியையே காட்டுகின்றன. எரர் கோட் எண்களுக்குப் பொதுவான விதி இல்லை. ஒரே எண் ஒரு நிறுவனத்தின் வண்டியில் ஒன்றையும் இன்னொன்றில் வேறொன்றையும் குறிக்கலாம் என்பதால், உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள பொருளை மட்டுமே நம்புங்கள்.

இத்தகைய வண்டிகள் பலவற்றில் டிஸ்பிளேயின் கட்டங்கள் மிச்சமுள்ள சார்ஜை நேராக அளப்பதில்லை. அந்த நொடியில் உள்ள வோல்டேஜைத்தான் காட்டுகின்றன. மேடு ஏறும்போது மோட்டார் அதிக கரண்ட் இழுப்பதால் வோல்டேஜ் சரிகிறது. மொத்த வோல்டேஜ் ஏறத்தாழ 42-க்குக் கீழே போனால், பேட்டரியைக் காப்பதற்காகக் கன்ட்ரோலரே மோட்டாரை நிறுத்திவிடும். அது கன்ட்ரோலரின் பழுதல்ல, அதன் வேலை.

நான்கில் ஒன்று மட்டும் நலிந்திருந்தாலும் இப்படி நடக்கும். உதாரணமாக, ஓய்வில் மூன்று பேட்டரிகள் தலா 12.3 வோல்ட்டும் ஒன்று 11.1 வோல்ட்டும் காட்டினால் மொத்தம் 48 வருவதால், டிஸ்பிளேயில் குறை தெரியாது. மேட்டில் அந்த மூன்றும் 11.6-க்கு இறங்க, நலிந்தது 7-க்குச் சரிந்தால், மொத்தம் 41.8 தான், வண்டி நின்றுவிடும்.

இதைக் கண்டுபிடிக்க, முழு சார்ஜ் ஏற்றி ஓட்டி, வண்டி நின்றவுடன் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியே அளந்து பாருங்கள். ஒன்று மற்றவற்றைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்திருந்தால் அதுவே சந்தேகத்துக்குரியது. சென்டர் ஸ்டாண்டில் சக்கரத்தைச் சுழலவிட்டுச் சோதிப்பதால் பயனில்லை. அப்போது கரண்ட் மிகக் குறைவாகவே ஓடும்.

கட்டங்கள் இறங்காமலேயே வண்டி நின்றால் கதை வேறு. சூடேறிய கன்ட்ரோலரும் சிறிது நேரம் ஆறியபின் மீண்டும் இயங்கும் என்பதால், 'நின்று, பிறகு ஓடியது' என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நிற்கும் முன் கட்டம் இறங்கியதா என்று பாருங்கள். இறங்கவில்லையென்றால் முதலில் பிரேக் லீவரின் சுவிட்ச், ஆக்சிலேட்டரின் கனெக்டர் ஆகியவற்றைச் சரிபாருங்கள். பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சை அணைத்த பின்னும் பின்சக்கரம் தடைபட்டு, விட்டுவிட்டுச் சுற்றுகிறதா? மோட்டாருக்குச் செல்லும் மூன்று தடித்த வயர்களை மெக்கானிக்கைக் கொண்டு கழற்றிப் பாருங்கள். சக்கரம் உடனே எளிதாகச் சுழன்றால், கன்ட்ரோலருக்குள் ஷார்ட் ஆகியிருப்பதாகக் கொள்ளலாம்.

நலிந்த பேட்டரி கிடைத்து, செட் ஓரளவு பழையதாக இருந்தால், நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய மூன்றோடு புதிய ஒன்றைச் சேர்த்தால் அவற்றின் சார்ஜ் சமமாக ஏறாமல், புதியதும் விரைவில் கெட்டுவிடும்.