உள்சவ்வு தடிக்கவில்லை என்றால், முதலில் காரணத்தைத் தேட வேண்டும்

கேள்வி: "கர்ப்பப்பை உள்சவ்வு 6 மி.மீ.தான் வந்திருக்கிறது என்று சொல்லி, உறைய வைத்த கருவை இந்த மாதம் வைக்கவில்லை. அடுத்த மாதம் பி.ஆர்.பி. செய்து பார்க்கலாம் என்கிறார்கள். அதில் பலன் உண்டா?"

புதுச்சேரியில் குழந்தையின்மைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவராக என் கருத்தைச் சொல்கிறேன். பி.ஆர்.பி. என்பது உங்கள் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த, தட்டணுக்கள் செறிந்த திரவத்தைக் கர்ப்பப்பைக்குள் செலுத்துவது. அதற்குச் சம்மதிக்கும் முன்பு, சவ்வு ஏன் வளரவில்லை என்பதற்கு உங்கள் மருத்துவரிடம் தெளிவான பதிலைக் கேட்டுப் பெறுங்கள்.

கடலூரிலிருந்து வந்த ஒருவருக்கு, எஸ்ட்ராடியால் வேலரேட் 2 மி.கி. மாத்திரையை நாளுக்கு மூன்று வேளை இரண்டு வாரங்களுக்கு மேல் கொடுத்தும் சவ்வு 5.5 மி.மீ.யைத் தாண்டவில்லை, இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் போதிய அளவு இருந்ததால், மருந்துக் குறைவு காரணமில்லை என்பது தெரிந்தது. மாதவிடாயைப் பற்றி விசாரித்தபோதுதான், கரு கலைந்து டி.என்.சி. செய்வதற்கு முன்பு நான்கு நாள் இருந்த போக்கு, அதன் பிறகு ஒரே நாளாகக் குறைந்து, ஒரு நாப்கின்கூட முழுதாக நனையாத நிலைக்கு வந்திருந்ததைச் சொன்னார். ஸ்கேனிலும் சவ்வின் கோடு ஓரிடத்தில் அறுபட்டுத் தெரிந்தது. கர்ப்பப்பைக்குள் மெல்லிய கேமராக் குழாயை விட்டுப் பார்க்கும் ஹிஸ்டெரோஸ்கோபியில் முன்சுவரும் பின்சுவரும் ஒட்டிக்கொண்டிருந்தன. மின்சூடு பயன்படுத்தாமல் சிறு கத்தரியால் அந்த ஒட்டுகளைப் பிரித்து, காசநோய்ப் பரிசோதனைக்கும் திசு எடுத்து அனுப்பினோம். கர்ப்பப்பைக் காசநோயும் சவ்வைக் கெடுக்கக்கூடும் என்பதால், நம் நாட்டில் இதை விட்டுவிடக் கூடாது. பின்னர் மாதவிடாய்ப் போக்கு கூடியது, சவ்வும் 7 மி.மீ.யைத் தொட்டது. ஒட்டுகள் திரும்பவும் உருவாகக்கூடும் என்பதால் மறுபடி ஒருமுறை உள்ளே பார்த்த பிறகே கருவை வைத்தோம். சவ்வை வளர்க்கும் அடித்தளமே அழிந்துபோனவர்களுக்கு இந்த அளவு பலன் கிடைப்பதில்லை.

ஒட்டு இருந்தால் பிரிப்பது, ஈஸ்ட்ரோஜனைக் கூடுதல் நாட்களுக்கு நீட்டிப்பது அல்லது பிறப்புறுப்பு வழியாகக் கொடுப்பது, முட்டை வளர்க்கக் குளோமிபீன் எடுத்துச் சவ்வு மெலிந்திருந்தால் லெட்ரோசோலுக்கு மாறுவது ஆகியவை காரணத்தையொட்டிய நியாயமான வழிகள். பி.ஆர்.பி.யைப் பொறுத்தவரை, சில சிறிய ஆய்வுகளில் சவ்வு சற்றே தடித்திருக்கிறது. ஆனால் நமக்கு வேண்டியது குழந்தை, அந்தப் பலன் இன்னும் உறுதியாக நிறுவப்படவில்லை. சவ்வை வளர்க்கக் கொடுக்கப்படும் சில்டெனாஃபில், ஜி.சி.எஸ்.எஃப். ஆகிய மருந்துகளின் ஆய்வு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஆஸ்பிரின் சவ்வை வளர்க்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. ஆகவே பி.ஆர்.பி.யைச் சோதனை நிலையிலுள்ள முயற்சி என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் செய்ய வேண்டும். உறுதியான தீர்வு என்று சொல்லிப் பணம் வாங்குவது எனக்கு உடன்பாடில்லை.

ஒரே சவ்வை இருவர் அளந்தால் 1 மி.மீ. வரை வேறுபடலாம். 7 மி.மீ.க்குக் கீழே கருத்தரிக்கும் வாய்ப்பு குறைகிறதே தவிர, அற்றுப்போவதில்லை. காரணங்களையெல்லாம் பார்த்து முடித்த பிறகும் 6 மி.மீ.யிலேயே நின்று, ஸ்கேனில் சவ்வு மூன்று கோடுகளாகத் தெளிவாகத் தெரிந்தால், அந்த அளவிலேயே கருவை வைப்பது பற்றியும், முட்டை தானாக வெடிக்கும் இயல்பான சுழற்சியில் முயல்வது பற்றியும் மருத்துவரிடம் பேசுங்கள். அதுவரை சில மாதங்கள் காத்திருப்பதால் உறைய வைத்த கரு கெட்டுவிடாது.